உயில்வழி அறக்கொடை

உயில்வழி அறக்கொடை என்பது, ஒருவர் தம் மறைவுக்குப் பின் தம் சொத்தின் ஒரு பகுதி ஓர் அறக்கட்டளைக்குச் சேரும்படி உயிலில் எழுதிவைப்பதாகும். வாழும் காலத்தில் தரும் நன்கொடைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நன்கொடையில் ஏதேனும் குழப்பம் வந்தால் கொடுத்தவரையே கேட்டுத் தெளியலாம். உயில் நடைமுறைக்கு வரும்போது எழுதியவர் உயிரோடு இருப்பதில்லை. அவர் என்ன நினைத்தார் என்பதற்குத் தாளில் உள்ள சொற்களே முதல் சான்று. எனவே இத்தகைய கொடைகள் பெரும்பாலும் சொற்களாலேயே நிலைக்கின்றன, சொற்களாலேயே வீழ்கின்றன. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது.

"தர்மத்துக்கு" என்ற சொல்

இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு 1899ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த ரண்சோர்தாஸ் எதிர் பார்வதிபாய் வழக்கு. பம்பாயிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற இவ்வழக்கில், உயில் எழுதியவர் சொத்தைத் "தரம்" என்பதற்கு, அதாவது தர்மத்துக்கு, விட்டிருந்தார். அச்சொல்லுக்குச் சட்டம், நற்பண்பு, கடமை என்று பல பொருள்கள் உள்ளன. எதற்குச் செலவிடுவது என்று எந்த நீதிமன்றமும் வரையறுத்து மேற்பார்வையிட முடியாது. ஆகவே கொடை செல்லாது என்று முடிவாயிற்று. நம் ஊர்களில் "தர்மத்துக்கு எழுதிவைத்தார்" என்றால் கேட்பவர் எவருக்கும் பொருள் புரியும். ஆனால் பேச்சில் தெளிவாக இருப்பது சட்டத்தில் தெளிவாக இருக்கவேண்டும் என்பதில்லை. தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்பட்டாலும், உயில் எழுதுவோர் அதை மனத்தில் கொள்வதே நல்லது. கொடை செல்லாமல் போனால் அப்பகுதி அறத்துக்குச் செல்லாது. உயிலின் எஞ்சிய சொத்தோடு சேரும், அல்லது வாரிசுகளுக்குப் போகும்.

"நல்ல காரியங்களுக்கு", "ஏழை எளியவர்க்கு ஏதாவது" போன்ற தொடர்களும் இதே சிக்கலை வரவழைக்கக்கூடியவை. ஒரு குறிப்பிட்ட ஊரின் அன்னசத்திரத்துக்கு, ஒரு குறிப்பிட்ட பள்ளி மாணவரின் கல்வி உதவிக்கு என்று எழுதினால் பொருள் வரையறுக்கப்பட்டுவிடுகிறது. ஏற்கெனவே உள்ள அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால், அதன் பத்திரத்தில் உள்ள முழுப்பெயர், பதிவு எண், முகவரி ஆகியவற்றை எழுதவேண்டும். மக்கள் வாயில் வழங்கும் பெயர் போதாது. ஒரே மகானின் பெயரில் ஒரே நகரில் நான்கு அறக்கட்டளைகள் இருக்கலாம். பெயரில் சிறு பிழை இருந்தாலும் யாரைக் குறித்தது என்று தெரிந்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கொடையைக் காக்கிறது. யாரென்றே தெரியாதபோது அது உதவாது. அறக்கட்டளை இடையில் கலைந்துபோனால் பணம் எங்கே செல்லவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

தொகையா, பங்கா?

அடுத்த கேள்வி எவ்வளவு என்பது. பலரும் ஒரு தொகையை எழுதிவிடுகிறார்கள். அதில் உள்ள இடர்ப்பாட்டை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உயில் எழுதும்போது அவரிடம் ஒரு வீடும் வங்கியில் 20 லட்சம் ரூபாயும் இருக்கின்றன. வீடு பிள்ளைகளுக்கு, ஓர் அறக்கட்டளைக்கு 5 லட்சம், தங்கைக்கு 10 லட்சம், மீதி எல்லாம் மனைவிக்கு என்று எழுதுகிறார். அன்றைய கணக்கில் மனைவிக்கு 5 லட்சம் நிற்கிறது.

பத்தாண்டுகளில் மருத்துவச் செலவு சேமிப்பைத் தின்றுவிடுகிறது. அவர் இறக்கும்போது வங்கியில் இருப்பது 9 லட்சம். ஈமச்செலவுக்கும் கடனுக்கும் 3 லட்சம் முதலில் போய்விடும். கடனுக்குப் பின்னரே கொடைகள் என்பது சட்டம். எஞ்சியது 6 லட்சம். எழுதிய தொகைகளோ 15 லட்சம். இப்படிப் போதாதபோது தொகைக் கொடைகள் ஒரே விகிதத்தில் குறையும். எனவே அறக்கட்டளைக்கு 2 லட்சமும் தங்கைக்கு 4 லட்சமும் கிடைக்கும். "மீதி எல்லாம்" பெறவேண்டிய மனைவிக்கு ஒரு ரூபாயும் இல்லை. வீடு தனித்துக் குறிப்பிடப்பட்ட கொடையாதலால், கடனைத் தீர்க்கப் பிற பணம் இருக்கும்வரை அது குறையாமல் பிள்ளைகளுக்கே செல்லும்.

அதே மனிதர், கடன் போக எஞ்சும் பணத்தில் அறக்கட்டளைக்கு நூற்றுக்கு 10, தங்கைக்கு 20, மனைவிக்கு 70 என்று எழுதியிருந்தால், அந்த 6 லட்சத்தில் முறையே 60,000, 1,20,000, 4,20,000 ரூபாய் சேர்ந்திருக்கும். சேமிப்பு பெருகியிருந்தால் அறக்கட்டளையின் பங்கும் பெருகியிருக்கும். குடும்பத்தையும் அறத்தையும் ஒருசேரக் கருதுவோர்க்கு விகிதம் எழுதுவதே பொருத்தமானது. குறிப்பிட்ட ஒரு மனையையோ பங்குப் பத்திரத்தையோ அறக்கட்டளைக்கு எழுதி, பிறகு வாழ்நாளிலேயே அதை விற்றுவிட்டால், விற்ற பணம் அறக்கட்டளைக்குப் போகாது. அக்கொடை அத்துடன் அற்றுப்போகும்.

எழுதும் உரிமையின் எல்லை

தமக்கு உரிமையானதை மட்டுமே ஒருவர் எழுதமுடியும். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கை எழுதலாம், முழுவதையும் எழுத இயலாது. இசுலாமியச் சட்டப்படி, கடனும் ஈமச்செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் ஒப்புதல் இன்றி உயிலால் கொடுக்க இயலாது.

கிறித்தவர்களுக்கு முன்பு வேறொரு தடை இருந்தது. வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, நெருங்கிய உறவினர் உள்ள ஒருவர் சமய அல்லது அறப்பணிக்குச் சொத்து விடவேண்டுமானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, ஆறு மாதத்துக்குள் சட்டம் குறித்த இடத்தில் பாதுகாப்புக்கு ஒப்படைத்திருக்கவேண்டும். தம் சாவு எப்போது என்று அறிந்து எழுத யாரால் முடியும்? கேரளப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று நீக்கியது.

கையொப்பமும் ஐயமும்

உயிலுக்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. ஆனால் எழுதியவர் ஒப்பமிட, குறைந்தது இரு சாட்சிகள் அதைப் பார்த்து, அல்லது இது தம் ஒப்பமே என அவர் சொல்லக் கேட்டு, அவர் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும். அறக்கட்டளையின் நிர்வாகியே வரைவு எழுதி, சாட்சிகளை அழைத்துவந்து, உயிலைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வது ஆபத்தானது. பயன்பெறுபவரே உயில் தயாரிப்பில் முன்னின்றால் அது ஐயத்துக்குரிய சூழல் என்றும், அதைப் போக்கும் பொறுப்பு அவருடையது என்றும் 1959ஆம் ஆண்டு வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்லெண்ணத்தோடு உதவிய நிர்வாகியால் கொடையே வழக்கில் சிக்கலாம்.

உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பதும் வேண்டும். கடன்களைத் தீர்த்து, சொத்துகளைத் திரட்டி, அறக்கட்டளையிடம் ஒப்படைப்பது அவர் வேலை. இதற்குச் சட்டம் இறப்பிலிருந்து ஓராண்டு அவகாசம் தருகிறது. வங்கி நியமனதாரர் பற்றிய குழப்பமும் அவரைத்தான் வந்து சேரும். வைப்புத்தொகையில் மனைவி நியமனதாரர் என்றால் வங்கி பணத்தை அவரிடமே கொடுக்கும். ஆனால் அவர் அதைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆவதில்லை; உயிலின்படி உரியவர்களுக்கு அது சேரவேண்டும். உயிலில் 10 விழுக்காடு அறக்கட்டளைக்கு என்று இருப்பதை மனைவி முன்கூட்டியே அறிந்திருந்தால், நிறைவேற்றுபவர் வந்து கேட்கும் நாளில் அது ஒரு கணக்கு மட்டுமே. அறியாதிருந்தால் அது ஒரு வழக்காக மாறலாம்.