துணிக்கொடி பாதியில் நின்றால்

அடுக்ககங்களின் பால்கனியில் கூரையோடு தொங்கும் துணிக்கொடி சிக்கும்போது நம் கை முதலில் போவது கயிற்றுக்குத்தான். வெடுக்கென்று இழுப்போம், மாற்றி இழுப்போம், கடைசியில் புதுக்கயிறு வாங்கிவருவோம். மாட்டிய சில வாரங்களில் அதுவும் நார்நாராகப் பிரியத் தொடங்கும். கோளாறு பெரும்பாலும் மேலே, சுழலாமல் நின்றுபோன கப்பியில் இருக்கிறது. கிணற்று ராட்டினம் காய்ந்துபோனால் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். இந்தச் சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. துணி ஏதும் இல்லாத கம்பியை மெதுவாக ஏற்றி இறக்கியபடி கப்பியைப் பாருங்கள். கயிறு நகர்கிறது, சக்கரம் அசையவில்லை என்றால் அச்சில் பஞ்சும் தூசும் அடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் சிக்கினால் கயிற்றில் அந்த இடம் பிரிந்து தடித்திருக்கிறது. கயிறு பள்ளத்தைவிட்டு நழுவி, சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே மாட்டியிருந்தால் மேலே போகவும் மறுக்கும், கீழே வரவும் மறுக்கும். ஒரு முனையில் மட்டும் ஈரப் போர்வையைப் போட்டுவிட்டு, கயிற்றைப் பக்கவாட்டில் சாய்த்து இழுப்பவர்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்கும்.

சுத்தம் செய்யக் கயிற்றை உருவ வேண்டாம். கம்பியை இறக்கி, ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூல்கள் மேல் வையுங்கள். கயிறு தளர்ந்ததும் அதைப் பள்ளத்திலிருந்து சற்று ஒதுக்கிவிட்டு, அச்சைச் சுற்றியுள்ள பஞ்சை ஊசி முனையால் கிளறி எடுக்கலாம். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகி முன்பைவிட மோசமாக இறுகும். வெள்ளைச் சட்டையில் சொட்டுவது தனிக்கதை. இரும்பு அச்சாக இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் மடக்கு ஏணிதான் சரி. கைப்பிடிச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு ஏறுவது துணிச்சல் அல்ல.

கயிறே போய்விட்டது என்றால், எவ்வளவு வாங்குவது? பல கொடிகளில் ஒரு கம்பிக்கு ஒரே கயிறு. தூர முனையில் கட்டி, மேலே தூரக் கப்பி, அங்கிருந்து கூரையோரமாகக் கிட்டக் கப்பி, பின் சுவர்க் கொக்கி, திரும்பி மேலே போய்க் கிட்டக் கப்பி, கடைசியில் கம்பியின் கிட்ட முனை. கூரை 10 அடி, கம்பி 6 அடி, கொக்கி தரையிலிருந்து நாலரை அடி, கம்பி இறங்கி நிற்பது 5 அடி உயரத்தில் என்று வையுங்கள். தூரப் பக்கத்துக்கு 5, 6, ஐந்தரை. கிட்டப் பக்கத்துக்கு ஐந்தரை, 5. மொத்தம் 27 அடி, முடிச்சுக்கு 2 அடி. 9 மீட்டர் மட்டுமட்டாக வரும், 10 மீட்டராக வாங்குங்கள். பழைய கயிற்றுத் துண்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதே தடிமனில் கேட்பது முக்கியம். மெலிந்த கயிறுதான் சக்கர இடுக்கில் நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

பழைய கயிற்றை உருவிவிட்டுப் புதியதைக் கோர்க்க நினைத்தால் ஏணியிலேயே கழுத்து பிடித்துக்கொள்ளும். பழையதே வழிகாட்டி. தூர முனை முடிச்சை வெட்டி, அந்த நுனியும் புதுக்கயிற்றின் நுனியும் தலையோடு தலை முட்டும்படி வைத்து ஊசிநூலால் தைத்து, மெல்லிய டேப்பை ஒரே சுற்றுச் சுற்றுங்கள். முடிச்சுப் போட்டால் கப்பியில் நுழையாது. கிட்ட முனையை அவிழ்த்து, கயிற்றைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாக இழுத்தால் புதுக்கயிறு முழுப்பாதையும் தானே ஓடிவரும். கீழே தொங்கும் வளையம் முழுதாகச் சுருங்கிவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நைலான் நுனிகளைத் தீக்குச்சியில் லேசாக உருக்கி, கம்பி ஸ்டூலில் மட்டமாக இருக்கும்போதே இரு முனைகளையும் கட்டுங்கள்.

இன்னொரு தொல்லை, ஏற்றிவைத்த கம்பி ஒருபக்கம் சாய்வது. ஒரே கயிறு என்பதால் பாரமான முனை இறங்க, கயிறு கொக்கியைச் சுற்றி வழுக்கி லேசான முனையைத் தூக்கிவிடுகிறது. புது நைலான் கூடுதலாக வழுக்கும். கம்பியை வேண்டிய உயரத்தில் மட்டமாக நிறுத்தி, தொங்கும் இரு இழைகளையும் சேர்த்து ஒரே வளைய முடிச்சாகப் போட்டு அதைக் கொக்கியில் மாட்டினால் இழைகள் ஒன்றையொன்று இழுக்க முடியாது. ஈரத்துணிப் பாரத்தில் புதுக்கயிறு முதல் சில நாள் நீளும். அப்போது ஒருமுறை முடிச்சை மாற்றிப் போட வேண்டிவரும்.

சக்கரத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, பள்ளத்தில் கயிறு அறுத்த கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டாலோ சுத்தம் செய்து பயனில்லை, கப்பியை மாற்றுங்கள். சட்டத்தைக் கூரையோடு பிடித்திருக்கும் திருகு ஆடினாலோ, அதைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்தாலோ, வேறு துளையிட்டு இறுக்கும்வரை அந்தக் கொடியில் ஒரு கைக்குட்டையைக்கூடப் போடாதீர்கள்.