கண்ணாடியை வளைக்காதீர்கள், தட்டை வளையுங்கள்

தெருவில் போன பைக்கின் ஹேண்டில் உரசியதில் என் தம்பியின் பழைய காரில் இடப்பக்க சைடு மிரர் ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில்தான் இரண்டு கிளிப்புகள் முறிந்திருந்தன. அந்த மாடலுக்குத் தட்டு மட்டும் தனியாக வருவதில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடியபோது அதே மாடலின், அதே பக்கத்து மிரர் ஒன்று கிடைத்தது. அதில் கிளிப்புகள் முழுசாக இருந்தன, கண்ணாடிதான் நொறுங்கியிருந்தது. ஆக, நல்ல கண்ணாடியை முறிந்த தட்டிலிருந்து கழற்றி, நல்ல தட்டில் ஒட்ட வேண்டும். நல்ல கண்ணாடி பெரும்பாலும் உடைவது இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் அது எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்போம். முகம் தெரிகிற கண்ணாடி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குப் பின்னால் மெத்தென்ற ஃபோம் டேப், இரு பக்கமும் பசை உள்ளது. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் தட்டு. தட்டின் முதுகில் உள்ள கிளிப்புகள், மிரர் கூட்டுக்குள் இருக்கும் மோட்டாரிலோ திருப்பும் மூட்டிலோ போய் மாட்டிக்கொள்ளும். சில கார்களில் கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவே பனியை உருக்கும் ஹீட்டர் படலமும் இருக்கும். இந்தக் காரில் அது இல்லை.

ஃபோம் பசை நேராக இழுத்தால் லேசில் விடாது. ஸ்க்ரூ டிரைவரை ஓர் ஓரத்தில் நுழைத்து நெம்பினால், நெம்புகிற இடத்தில் கண்ணாடி மேலே வரப் பார்க்கும், மற்ற இடமெல்லாம் பசை பிடித்து வைத்திருக்கும். நடுவில் கண்ணாடி வளைந்தாக வேண்டும். கண்ணாடிக்கோ வளையத் தெரியாது. ஓரத்தில் ஏற்கெனவே கடுகளவு சில்லு பெயர்ந்திருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். அதனால் வேலையைத் தொடங்கும் முன் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து, ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும். சில்லு தெரிந்தால் அந்த முனையை எந்தச் சுமையும் படாமல் கடைசி வரை விட்டுவைப்பது நல்லது.

இங்கே ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்: இரண்டில் எது வேண்டும், எது போகலாம்? தம்பியின் மிரரில் கண்ணாடி வேண்டும், தட்டு எப்படிப் போனாலும் கவலையில்லை. அப்படியானால் கண்ணாடியை அசையாமல் வைத்துக்கொண்டு, தட்டைத்தான் வளைக்கவும் வெட்டவும் வேண்டும். பிளாஸ்டிக் வளையும். பலர் எதையும் இழக்க மனமில்லாமல் இரண்டையும் காப்பாற்றப் பார்த்துக் கண்ணாடியை இழக்கிறார்கள்.

கண்ணாடியின் முகத்தில் மாஸ்கிங் டேப்பை நெருக்கமாக ஒட்டிவிடுங்கள். ஒருவேளை உடைந்தாலும் துண்டுகள் தெறிக்காது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பிறகு சூடு. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் கறுப்புத் தட்டு தானாகவே நன்றாகச் சூடாகிவிடும். வெயில் இல்லாவிட்டால் ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் சுற்றிக் காட்டுங்கள். தொட்டால் சுடவேண்டும், ஆனால் கையை உடனே எடுக்கும் அளவுக்குப் போகக் கூடாது. அந்தச் சூட்டிலேயே பசை இளகிவிடும். ஹீட் கன்னை ஒரே மூலையில் காட்டினால் அந்த மூலை மட்டும் விரிந்து, மற்ற பகுதி விரியாமல், கண்ணாடி தானாகவே விரிசல் விடும். சுட்ட கண்ணாடியை ஈரத் துணியிலோ சில்லென்ற தரையிலோ வைப்பதும் அதே விபத்துதான்.

அடுத்து அறுப்பது. தூண்டில் நரம்பு, கொஞ்சம் தடித்ததாக ஒரு முழம் எடுத்து, இரு நுனியையும் சிறு குச்சிகளில் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் தட்டுக்கும் இடையே ஃபோம் தெரிகிற இடுக்கில் நரம்பை நுழைத்து, ரம்பம் போல இடம் வலமாக இழுத்து இழுத்து உள்ளே நகர்த்த வேண்டும். நரம்பு தடையில்லாமல் நகர்ந்தால் பசை சூடாக இருக்கிறது என்று அர்த்தம். இறுகிக்கொண்டு கீச்சென்று முனகினால் நிறுத்திவிட்டு மறுபடி சூடு காட்டுங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் கண்ணாடியை எப்படி வைக்கிறோம் என்பது மிக முக்கியம். சைடு மிரர் பெரும்பாலும் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்தது. 17 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியில் நடுப்பகுதி ஓரங்களைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் எழும்பியிருக்கும். அதை மேசையில் முகம் குப்புற வைத்தால் நடுப்பகுதி மட்டுமே மேசையைத் தொடும், மூலைகள் அந்தரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மூலையை அழுத்தினால் முடிந்தது. அதனால் நாலாக மடித்த துண்டின் மேல் குப்புற வைத்து, ஓரங்கள் வரை துணி முட்டுக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டோம்.

பாதி ஃபோம் அறுந்த பிறகு, அறுந்த பக்கத்துத் தட்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்து, கண்ணாடியை விட்டு விலகும்படி மெல்ல மேலே வளைத்தான் தம்பி. இடுக்கு அகன்றது, நரம்பு உள்ளே எளிதாகப் போனது. வளையாத இடத்தில் தட்டையே ஸ்னிப்பரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். ஒவ்வொரு துண்டும் சிறிதாக இருந்ததால் சிறிதளவு பசையை மட்டும் விடுவிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியின் மேல் பாரமே ஏறவில்லை.

புதுப்பேட்டைத் தட்டில் நிலைமை தலைகீழ். அங்கே தட்டு வேண்டும், கண்ணாடி போகலாம். நொறுங்கிய கண்ணாடி முழுவதையும் டேப்பால் மூடி, சூடு காட்டி, தட்டை வளைக்காமல் கண்ணாடியைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால் போதும். தட்டில் எஞ்சிய பசைக்கு மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக் சுரண்டியும் பயன்படுத்துங்கள். அசிட்டோன் வேண்டாம், பல தட்டுகளின் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். கடைசியில் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும்.

நல்ல கண்ணாடியின் முதுகை மட்டும் வேறு மாதிரி நடத்த வேண்டும். ரசமும் அதைக் காக்கும் பெயின்ட்டும் அங்கேதான் பெரும்பாலும் இருக்கின்றன. பிளேடு பட்டால் முன்னால் ஒரு கோடு நிரந்தரமாகத் தெரியும். தின்னர் பட்டால் பெயின்ட் உரிந்து, பிறகு ரசமும் கறுக்கும். சூடு இருக்கும்போதே கட்டைவிரலால் உருட்டினால் பசை உருண்டை உருண்டையாக வரும். மெல்லிய படலமாக மிஞ்சுவதை அப்படியே விட்டுவிடலாம்.

ஒட்டுவதற்கு வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் ஃபோம் டேப், எல்லா இடத்திலும் ஒரே தடிமனில். புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கான் பசையைப் போடாதீர்கள். அதிலிருந்து வெளிவரும் அமிலம் ரசத்தை அரித்துவிடும். ஒட்டியபின் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே மெதுவாக அழுத்தி, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும்.

இருட்டில் தானாக மங்கும் மிரரில் இந்த வேலையைத் தொடவே கூடாது. அதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ரசாயனக் குழம்பு இருக்கிறது. நரம்பு அந்த இடுக்கில் நுழைந்தால் கசிந்து பாழாகிவிடும். ஹீட்டர் உள்ள மிரரில் நரம்பைப் படலத்துக்கும் தட்டுக்கும் நடுவே செலுத்தி, மின் முனைகள் தட்டைத் துளைத்து வரும் இடத்தைச் சுற்றிப் போக வேண்டும்.

காரில் திரும்ப மாட்டும்போது, கிளிப்புகள் இருக்கும் நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மூலையைத் தொடாதீர்கள். பிறகு மேல், கீழ், இடம், வலம் எனத் திருப்பிப் பார்த்து, வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்திய நிலையிலேயே கவனியுங்கள். என்ஜின் அதிர்வில் பின்னால் நிற்பவரின் உருவம் நடுங்கினால் ஏதோ ஒரு கிளிப் இன்னும் சரியாக உட்காரவில்லை.