உடைந்துபோன 'மின்'

ஒரு கல்லூரியிலோ அலுவலகத்திலோ எது பழுதானாலும் இப்போதெல்லாம் கணினியில் ஒரு டிக்கெட் பதிவு செய்கிறார்கள். 'மின் விசிறி ஓடவில்லை' என்ற குறிப்பை ஒருவர் தமிழில் எழுதி, வேறிடத்திலிருந்து நகலெடுத்து அதில் ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவரின் திரையில் 'மின்' என்ற சொல் இருந்த இடத்தில் ஏதோ குறிகள் நிற்கின்றன. எந்தக் குறிகள் என்பதைக் கவனித்தால், கோளாறு எங்கே நேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முதலில் அந்தச் சொல் கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நம் கண்ணுக்கு 'மின்' இரண்டு எழுத்து. யூனிகோடு முறையில் அது நான்கு குறியீடுகள்: ம, இகரக் குறி, ன, புள்ளி. அவற்றின் எண்கள் முறையே 2990, 3007, 2985, 3021. ஒரு பைட்டில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆகவே UTF-8 என்னும் முறை ஒவ்வொன்றையும் மூன்று பைட்டுகளாகப் பிரிக்கிறது. 2990ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 46, மீதி 46. இரண்டோடும் 128ஐக் கூட்டினால் 174, 174. தமிழுக்கு முதல் பைட்டு எப்போதும் 224. எனவே 'ம' என்பது 224, 174, 174. புள்ளியையும் இப்படியே பிரித்தால் 224, 175, 141 வரும். மற்ற இரண்டையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆக மொத்தம் 12 பைட்டுகள்.

இப்போது திரையைப் பார்ப்போம். அங்கே kpd; என்று இருந்தால், டிக்கெட் அமைப்பின் மேல் குற்றமே இல்லை. எழுதியவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. k என்ற எழுத்துக்கு 'ம' வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒட்டும்போது போர்வை நழுவிவிடுகிறது. மாற்றி எழுதும் நிரல்கள் உள்ளன, இழப்பு ஏதுமில்லை.

à®®à®¿à®©à¯ என்று தோன்றினால் கதை வேறு. பைட்டுகள் சரியாகவே வந்து சேர்ந்தன; ஆனால் வழியில் ஒரு நிரல் அவற்றை UTF-8 என்று அறியாமல், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற Windows-1252 பட்டியலை வைத்துப் படித்துவிட்டது. அப்பட்டியலில் 224 என்றால் à, 174 என்றால் ®. தமிழ் உரை இவ்வாறு கெட்டால் à மூன்று குறிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருப்பது இதனால்தான். அதே பட்டியலைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் பழைய பைட்டுகள் திரும்பக் கிடைக்கும்.

பெரும்பாலும் கிடைக்கும் என்பதே சரி. 141ஆம் இடம் அப்பட்டியலில் காலி! உகரக் குறியின் கடைசி பைட்டான 129க்கும் அங்கே இடமில்லை. சில நிரல்கள் இந்த எண்களைக் கண்ணுக்குத் தெரியாத குறியாகக் காப்பாற்றி வைக்கின்றன, சில எறிந்துவிடுகின்றன. எறிந்தால், மீட்ட உரையில் புள்ளிகளும் உகரங்களும் காணாமற்போயிருக்கும். புள்ளியில்லாத தமிழைப் படிப்பது எவ்வளவு சிரமம் என்பது ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்குத் தெரியும்.

???? என்று நான்கு கேள்விக்குறிகள் நின்றால் மீட்க வழியே இல்லை. தமிழுக்கு இடமில்லாத ஒரு பட்டியலில் உரையை அடைக்க முயன்ற நிரல், ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. அதன் எண் 63. நான்குமே 63 ஆனபின், எந்த 63 'ம' ஆக இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? எழுத்து இரண்டாயிருந்தும் கேள்விக்குறி நான்கு வந்ததையும் கவனியுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. குறிப்புக்கு 10 பைட்டுகளே இடம் என்று அமைப்பு வெட்டிவிட்டால், முதல் ஒன்பதும் 'மின' ஆகிவிடும். பத்தாவதாக 224 மட்டும் தனியே தொங்கும். அதை � என்ற கட்டத்தால் காட்டுவார்கள். உரையின் நடுவில் எதுவும் கெடாமல் கடைசியில் மட்டும் இக்குறி நின்றால், வெட்டுப்பட்டது என்று கொள்ளலாம்.

à®® வகைக் குறிப்பைக் கண்டால் பலரும் அதைத் திருத்தத் திறந்து, அப்படியே சேமித்துவிடுகிறார்கள். அப்போது à என்பதே ஓர் எழுத்தாகக் கருதப்பட்டு 195, 160 என்று இரண்டு பைட்டுகளாக எழுதப்படுகிறது. உரை இரண்டாம் முறை உருமாறிவிடுகிறது. ஆகவே சேமிக்கும் பொத்தானைத் தொடாமல், குறிப்பை எழுதியவரிடம் மூல உரையைக் கேட்டு வாங்குவதே நல்லது.