கோப்புகளுக்குள் ஒரு சொற்றொடரைத் தேடுவது எப்படி?

ஒரு குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் `.txt` கோப்புகள். இருப்பது `minutes` என்ற கோப்புறையில். குடிநீர்த் தொட்டியைப் பற்றி எந்தெந்தக் கூட்டங்களில் பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் இந்த ஒரு வரி போதும்:

```
grep -rnF "குடிநீர்த் தொட்டி" minutes
```

`r` என்றால் உள்ளே இருக்கும் கோப்புறைகளையும் விடாமல் தேடு. `n` என்றால் வரி எண்ணைக் காட்டு. `F` என்றால் எழுதியதை எழுதியபடியே தேடு. மேற்கோள் குறியை மறந்தால் `தொட்டி` என்பதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லும். சரியாகக் கொடுத்தால் விடை இப்படி வரும்:

```
minutes/2021-06.txt:14:குடிநீர்த் தொட்டியைக் கழுவ முடிவானது.
```

கோப்பின் பெயர், வரி எண், பிறகு அந்த வரி முழுவதும். ‘தொட்டியை’ என்று வேற்றுமை உருபு சேர்ந்திருந்தாலும் அகப்படும். ஏனென்றால், தேடிய எழுத்துகள் வரிக்குள் எங்கே இருந்தாலும் போதும்.

ஆனால் விடையில் வராத கூட்டங்களில் தொட்டிப் பேச்சே எழவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குறிப்பெழுதியவர் ஒற்று போடாமல் ‘குடிநீர் தொட்டி’ என்று எழுதியிருந்தால் அது தப்பிவிடும். இன்னொரு காரணம், கண்ணில் படாதது. கென் தாம்ஸன் யூனிக்ஸின் `ed` என்ற எடிட்டரிலிருந்து grep-ஐப் பிரித்தெடுத்து உருவாக்கினார். அந்த எடிட்டர் வரி வரியாக வேலை செய்வது. grep-உம் ஒரு வரியை எடுக்கும், பார்க்கும், அடுத்ததற்குப் போகும். ‘குடிநீர்த்’ ஒரு வரியின் கடைசியிலும் ‘தொட்டி’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்தால், இரண்டு வரியிலுமே முழுச் சொற்றொடர் இல்லை. எந்த எச்சரிக்கையும் வராது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டளை:

```
grep -rlzP "குடிநீர்(த்)?\s+தொட்டி" minutes
```

`z` கொடுத்தால் சாதாரண எழுத்துக் கோப்பு முழுவதையும் ஒரே நீண்ட வரியாக எடுத்துக்கொள்ளும். `\s+` என்பது இடைவெளியோ வரி முறிவோ எது வந்தாலும் சரி என்பதற்கு. `(த்)?` என்றால் ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வரி எண்ணுக்கு இங்கே பொருள் இல்லாததால், `l` கொடுத்துக் கோப்புப் பெயர்களை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். `P` வசதி லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு grep-இல் உண்டு.

இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால், முதல் தேடல் தவறவிட்ட கோப்புகள் தெரிந்துவிடும். அப்போதும் ஐயம் இருந்தால் `grep -rlF "குடிநீர்" minutes` என்று ஒற்றைச் சொல்லைத் தேடி, புதிதாக வரும் கோப்புகளைத் திறந்து படித்துவிடலாம். குறிப்புகள் வேர்ட் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. அவற்றில் எழுத்துகள் பெரும்பாலும் சுருக்கப்பட்டுக் கிடக்கும். முதலில் `.txt` ஆக மாற்றிவிட்டுத்தான் தேட வேண்டும்.