ஃப்ரிட்ஜின் சீரியல் நம்பர் எங்கே இருக்கிறது?

வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் வரும். வாஷிங்மெஷின் நின்றுபோய் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யும்போது வரும். அவர்கள் முதலில் கேட்பதே மாடல் நம்பரும் வாங்கிய தேதியும்தான். அடுத்தது, 2015 டிசம்பரில் சென்னையில் நடந்ததுபோல வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டுப் போன பிறகு.

வெள்ளத்துக்குப் பிந்தைய கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே உண்டு. உச்ச வரம்பு 10 லட்சம் ரூபாய். கட்டடத்துக்கு 25 லட்சம் என்றால் பொருள்களுக்கு 5 லட்சம். அதற்கு மேல் வேண்டுமானால் பாலிசி எடுக்கும்போதே பொருள்களின் விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டாலும், இழப்பீடு கேட்கும் நாளில் வீட்டில் என்னென்ன இருந்தன என்று சொல்லத் தெரிய வேண்டுமே!

சரி, இதை நோட்டில் எழுதுவதா, எக்செல்லில் போடுவதா, போனில் ஒரு ஆப்பில் ஏற்றுவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு நோட்டும் போன் கேமராவும் போதும். தேதிகளைக் கணக்குப் பார்க்க ஆசையும் கொஞ்சம் பொறுமையும் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் ஷீட். ஆப் கடைசியில்தான்.

நோட்டில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியல் போடுவது உட்கார்ந்து செய்யும் வேலையல்ல; அறை அறையாக நடந்து, குனிந்து, பொருளைத் திருப்பிப் பார்த்துச் செய்யும் வேலை. ஃப்ரிட்ஜின் சீரியல் நம்பர் பெரும்பாலும் உள்ளே பக்கச் சுவரில், காய்கறி டப்பாவுக்கு அருகே ஒட்டியிருக்கும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங்மெஷினில் கதவைத் திறந்தால் விளிம்பில் தெரியும். டிவிக்கு முதுகில், மிக்ஸிக்கு அடியில். போனுக்கு மட்டும் தேட வேண்டாம்; `*#06#` என்று அழுத்தினால் அதன் ஐஎம்இஐ எண் திரையில் வந்துவிடும்.

ஒரு ஃப்ரிட்ஜுக்கு நோட்டில் என்ன எழுதுவது? கம்பெனி, மாடல், சீரியல், வாங்கிய கடை, தேதி, விலை, பில் இருக்கும் இடம். வாரண்டியை மட்டும் இரண்டு வரியாக எழுதுங்கள். பல கம்பெனிகள் முழு ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருடமும் கம்ப்ரெசருக்கு மட்டும் 10 வருடமும் தருகின்றன. ‘வாரண்டி 10 வருஷம்’ என்று மொட்டையாக எழுதி வைத்தால், நான்காம் வருடம் தெர்மோஸ்டாட் போகும்போது சர்வீஸ்காரரோடு வீண் சண்டை வரும். ஒரு பக்கத்துக்கு ஓர் அறை, பொருளுக்குப் பொருள் நாலு வரி இடைவெளி. பிறகு ரிப்பேர் செலவை எழுத அந்த இடம் வேண்டும்.

எழுதுவது பால்பாயிண்ட் பேனாவாக இருக்கட்டும். அதன் மை எண்ணெய் சேர்ந்தது, நனைந்தாலும் அவ்வளவாகக் கரையாது. ஃபவுண்டன் பேனா எழுத்து ஓடிவிடும். கடை பில்லில் இன்னொரு சிக்கல். பளபளப்பான மெல்லிய தாளில் வரும் பில் தெர்மல் தாள். அதில் மையே கிடையாது. சூட்டில் கறுக்கும் பூச்சுதான் எழுத்து. வெளிச்சத்திலும் பிளாஸ்டிக் உறையிலும் இருந்தால் சில வருடங்களில் வெளுத்துப்போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று சூடான லேமினேஷன் போட்டால் மொத்தமும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுப்பதுதான் வழி.

நோட்டின் பெரிய குறை, அது ஒன்றே ஒன்று என்பது. வீட்டோடு அதுவும் நனையும். எழுதி முடித்ததும் பக்கங்களையும் பில்களையும் போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பிவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது.

ஷீட் எதற்கு என்றால், நோட்டுக்கு நினைவூட்டத் தெரியாது. எந்த வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது என்று அறிய எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். கூகுள் ஷீட்டில் வாங்கிய தேதி D2 கட்டத்திலும் வாரண்டி மாதங்கள் E2 கட்டத்திலும் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=EDATE(D2,E2)
```

முடியும் தேதி வந்துவிடும். தேதிக்குப் பதில் 45,000 மாதிரி ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகும்.

பயப்பட வேண்டிய பிழைகள் சத்தமில்லாமல் வருபவை. 5/6/2024 என்று நீங்கள் ஜூன் 5-ஐ அடிக்கிறீர்கள். ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/6/2024 என்று அடித்தாலோ 25-ஆம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: தேதியாகப் புரிந்துகொண்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டது இடப்பக்கம் நிற்கும். File மெனுவில் Settings போய் Locale என்பதை India என்று மாற்றிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். அடுத்தது சீரியல் நம்பர். 0048213 என்று அடித்தால் முன்னாலுள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். எண்ணுக்கு முன் ஒரு ஒற்றை மேற்கோள் குறி ' போட்டால் அடித்தது அடித்தபடி நிற்கும்.

ஆப்பைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. போட்டோவும் விவரமும் ஒரே இடத்தில் சேர்வது அதன் வசதி, அது உண்மையான வசதி. பார்கோடை ஸ்கேன் செய்தால் எல்லாம் தானே நிரம்பும் என்று நம்பி இறங்குபவர்கள்தான் ஏமாறுவார்கள். அட்டைப்பெட்டியில் உள்ள விலைப் பார்கோடு அந்த மாடலுக்கே பொதுவானது. உங்கள் வீட்டு மிக்ஸியின் சீரியல் அதில் இருக்காது. அதையும் நீங்கள்தான் குனிந்து பார்த்து ஏற்ற வேண்டும். ஆகவே, ஆப் போட்டதும் மூன்று பொருள்களை மட்டும் ஏற்றிவிட்டு Export என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் வரும் CSV கோப்பு ஷீட்டில் திறக்க வேண்டும். போட்டோக்கள் அதில் வராது, அவற்றுக்குத் தனி வழி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு நெட்டை அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள்; வெள்ளம் வந்தால் முதலில் போவது கரண்டும் நெட்டும்தான். இந்தச் சோதனைகளில் தேறாத ஆப்பில் அறுபது பொருள்களை ஏற்றுவது, சந்தா நின்ற அன்று அவ்வளவையும் இழக்கத் தயாராவதுதான்.

நகை மட்டும் ஆப்பிலும் வேண்டாம், குடும்பம் முழுவதற்கும் பகிர்ந்த ஷீட்டிலும் வேண்டாம். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்று ஷீட் திறந்து கிடப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. நகைக்குத் தனித் தாள் ஒன்று போடுங்கள்: எடை, கேரட், ஹால்மார்க்கோடு பொறித்திருக்கும் ஆறு எழுத்து-எண் ‘ஹெச்யுஐடி’. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகை விற்கும் கடைகளுக்கு இது கட்டாயம்; பாட்டி காலத்து நகையில் இருக்காது, அதற்கு எடையும் போட்டோவும்தான். அந்தத் தாளும் பில்லும் பேங்க் லாக்கரிலேயே இருக்கட்டும். வீட்டு நோட்டில் ‘நகை விவரம் தனியே’ என்று ஒரு வரி போதும்.