கிளிப் கழற்றினால் இப்படித்தான் இருக்குமா?

பல்லுக்குக் கிளிப் போட வருகிறவர்கள் முதலில் செலவைத்தான் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "எல்லாம் முடிஞ்சப்புறம் எப்படி இருப்பேன் டாக்டர்?" என்பதுதான். இரண்டு வருடம் வாயில் கம்பியோடு அலையப் போகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. முன்பெல்லாம் மாவுக்கல் அச்சையும் வேறு யாருடைய முன்-பின் படங்களையும் காட்டிச் சமாளித்தோம். இப்போது அவருடைய போட்டோவிலேயே பல்லை நேராக்கிக் காட்ட முடிகிறது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. போட்டோவில் பல்லை நகர்த்த எலும்பு வேண்டாம், வேர் வேண்டாம், இடம் வேண்டாம். வாய்க்குள் இவை மூன்றும் வேண்டும்.

இப்படிக் காட்டும் படங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், செல்பி ஒன்றை ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் சிரித்த முகம் திரும்பி வரும். இன்விசலைன் அலைனர்களைத் தயாரிக்கும் அலைன் டெக்னாலஜி நிறுவனம் SmileView என்ற பெயரில் இத்தகைய சேவையை வைத்திருக்கிறது. இந்த வகைக் கருவிகளுக்குத் தெரிவது போட்டோ மட்டுமே. எக்ஸ்ரேயும் இல்லை, பல்லின் அளவும் இல்லை. இரண்டாவது வகையில் மருத்துவர் அளவெடுத்து, சிகிச்சைத் திட்டத்தை முடிவு செய்து, அந்தத் திட்டத்தின்படி போட்டோவைத் திருத்துவார். முதல் வகை ஆசையைக் கிளப்பப் போதும். முடிவெடுக்க இரண்டாவதுதான் வேண்டும்.

அந்த இரண்டாவது வகைப் படம் எப்படி உருவாகிறது என்று பார்க்க, எங்களிடம் அடிக்கடி வரும் மாதிரியான ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்தாறு, பெண். மேல் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல், வலப்புறத்தில், பாதி மறைந்து பின்னால் ஒளிந்திருக்கிறது. நடுக்கோடு வலப்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. இடது நடுப்பல்லின் முனை சிறுவயதில் விழுந்ததில் லேசாகச் சிப்பிவிட்டது. உதட்டை மூட வேண்டுமென்றால் கொஞ்சம் இழுத்து மூட வேண்டியிருக்கிறது.

முதலில் போட்டோ. செல்பி உதவாது. கை தூரத்தில் பிடித்த போன் மூக்கையும் நடுப்பற்களையும் பெரிதாக்கி, ஓரப் பற்களைச் சுருக்கிவிடும். கேமரா ஒன்றரை மீட்டர் தள்ளி, வாய் மட்டத்தில் இருக்க வேண்டும். தலை நிமிரவும் கூடாது, குனியவும் கூடாது. அடுத்து, வெர்னியரால் நடுப்பல்லின் அகலத்தை வாயிலேயே அளக்கிறோம்: 8.5 மில்லிமீட்டர். போட்டோவில் அதே பல் 102 பிக்சல். ஆக, 12 பிக்சல் ஒரு மில்லிமீட்டர். இந்த ஒரு வரிக் கணக்கு இல்லாமல் செய்த எந்தப் படமும் வெறும் ஓவியம்தான். நடுக்கோட்டை ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தத் திட்டம் என்றால் படத்தில் 18 பிக்சல்; கையசைவில் 40 பிக்சல் நகர்த்திவிட்டு "நல்லா வந்திருக்கு" என்று சொல்ல முடியாது.

ஒளிந்திருக்கும் அந்தப் பல்லில்தான் பலரும் சறுக்குவார்கள். போட்டோவில் தெரிவது 4 மில்லிமீட்டர் அகலம்தான். அச்சில் அளந்தால் 6.5. ஃபோட்டோஷாப்பில் Liquify கருவியை வைத்துப் பக்கத்துப் பல்லைத் தள்ளி இடம் பண்ணினால், படம் வழவழவென்று வரும், ஆனால் பல்லின் அளவு மாறியிருக்கும். ஒவ்வொரு பல்லையும் தனியாக வெட்டி, தனித்தனி லேயரில் வைத்து, அளவு மாறாமல் திருப்பி நகர்த்துவதே முறை. மறைந்திருந்த பாகத்தை மறுபக்கத்திலிருக்கும் ஜோடிப் பல்லைப் பார்த்து வரைந்து சேர்க்க வேண்டும். அப்படிச் செய்ததுமே ஓர் உண்மை கண்ணில் படும்: எல்லாப் பற்களும் முழு அகலத்தில் நின்றால் வரிசையில் இடம் போதாது. இந்த வாயில் பற்றாக்குறை 6 மில்லிமீட்டர்.

ஆயத்தப் படங்கள் மறைப்பது இந்த 6 மில்லிமீட்டரைத்தான். இடம் எங்கிருந்தாவது வர வேண்டும். பற்களுக்கிடையே மெல்லியதாகத் தேய்த்து எடுக்கலாம். ஓர் இடுக்குக்கு அதிகபட்சம் அரை மில்லிமீட்டர். வரிசையை அகலப்படுத்தலாம், அதற்கும் எலும்பு விடும் எல்லை உண்டு. முன்பற்களை இன்னும் முன்னே சாய்க்கலாம். ஆனால் ஏற்கெனவே மூடச் சிரமப்படும் உதடு இவருக்கு. கடைசி வழி, முன்கடைவாய்ப்பற்களை எடுப்பது. ஒரு பல் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். மேலே இரண்டு எடுத்தால் 14 கிடைக்கும். அதில் 6 நெருக்கத்தைச் சரிசெய்யப் போய்விடும். மீதி 8, பக்கத்துக்கு 4. அந்த நாலும் முழுதாக முன்பற்களுக்குக் கிடைக்காது. முன்பற்களைப் பின்னால் இழுக்கும்போது கடைவாய்ப்பற்கள் கொஞ்சம் முன்னால் வந்துவிடும். அது போக முன்பற்கள் இரண்டரை மூன்று மில்லிமீட்டர் பின்னால் போனால் நல்ல கணக்கு.

அந்த மூன்று மில்லிமீட்டரும் நேராக எடுத்த போட்டோவில் தெரியவே தெரியாது. முன்-பின் நகர்வு முகத்தை நேராகப் பார்க்கும்போது மறைந்துவிடும். அதற்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும், கூடவே பக்கவாட்டு எக்ஸ்ரேயான செபலோகிராம் வேண்டும். "எத்துப்பல் உள்ளே போகணும்" என்று வருகிறவருக்கு நேர்ப் படத்தை மட்டும் காட்டுகிறவர், அவர் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லவில்லை. பக்கவாட்டிலும் உதடு பல்லோடு சமமாகப் போகாது. பல் மூன்று மில்லிமீட்டர் போனால் மேலுதடு ஒன்றோ, ஒன்றரையோ போகும். தடித்த உதடென்றால் அதிலும் குறைவு. ஆளுக்கு ஆள் இது மாறுவதால், ஒரே படமாக அல்லாமல் குறைவாகப் போனால் இது, நன்றாகப் போனால் இது என்று இரண்டு படம் காட்டுவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஈறு. நெருக்கியடித்து நின்ற பற்கள் நேரானதும், இரண்டு பல்லுக்கு நடுவே ஈறோரத்தில் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் தெரியலாம். பல் கீழே அகன்று மேலே ஒடுங்கிய வடிவம் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் உள்ள தூரம்தான் இதை முடிவு செய்கிறது. டென்னிஸ் டார்னோவும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தத் தூரம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு ஏறக்குறைய எப்போதும் இடுக்கை நிரப்பிவிடுகிறது. 6 என்றால் பாதிக்குச் சற்று மேல். 7 என்றால் கால்வாசிதான். இடுக்கில் லேசாகத் தேய்த்து, தொடும் இடத்தை ஈறை நோக்கி நகர்த்தினால் முக்கோணம் சிறிதாகும்; எப்போதும் மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. நம் கேஸில் எக்ஸ்ரே ஆறரையைக் காட்டினால், படத்தில் அந்த முக்கோணத்தை வரைந்துதான் ஆக வேண்டும். வரையாமல் விட்டால் கிளிப் கழற்றும் நாளில் வாய்க்குள் புதிதாக ஓட்டை விழுந்ததுபோல் அவருக்குத் தோன்றும்.

சிப்பிய முனை? கிளிப் அதைச் சரி செய்யாது. பல்லின் நிறத்தையும் மாற்றாது. ஆனால் போனில் வரும் ஆயத்தப் படங்களில் சிப்பல் காணாமல் போயிருக்கும், பற்கள் தேங்காய்ப்பத்தை நிறத்தில் இருக்கும், சிரிப்பின் இரு ஓரத்திலும் உள்ள இயல்பான நிழல்கூட இருக்காது. உங்கள் கையில் அப்படியொரு படம் இருந்தால் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுப்பல் முன்பைவிட அகலமா? பல்லின் நிறம் கண்ணின் வெள்ளையைவிட வெளுப்பா? ஈறு தெரிந்த சிரிப்பில் ஈறு காணாமல் போயிருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், நீங்கள் பார்ப்பது உங்கள் பல் அல்ல. வேறொரு வாயின் பற்களை உங்கள் உதட்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள்.

ஸ்கேன் எடுத்து ஒவ்வொரு பல்லாக நகர்த்திக் காட்டும் முப்பரிமாணத் திட்டங்கள் இதைவிடப் பல மடங்கு நம்பகமானவை. இருந்தாலும் அவையும் திட்டம்தான். இன்விசலைன் திட்டத்தில் காட்டிய நகர்வும் வாயில் நடந்த நகர்வும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009இல் சராசரியாக 41 சதவீதம் என்றது. 2020இல் மறுபடி அளந்தபோது அது 50 ஆகியிருந்தது. இதனால்தான் முதல் செட் முடிந்த பிறகு பலருக்கும் கூடுதல் அலைனர்கள் தேவைப்படுகின்றன. கம்பி கட்டும் முறையில் மருத்துவர் மாதாமாதம் பார்த்துத் திருத்துவதால் கதை வேறு. ஆனால் அங்கேயும் வேகம் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நம் கேஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும்.

எல்லாம் அச்சு அசலாக வர வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கோக்கிச் குழுவினர் சிரிப்புப் படங்களைக் கணினியில் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, மருத்துவர்களிடமும் பொதுமக்களிடமும் காட்டினார்கள். முடிவு 1999இல் வெளியானது. மேல் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் தள்ளிப் போனபோதுகூடப் பொதுமக்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முன்பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது 2 மில்லிமீட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே முடிவில் நடுக்கோடு அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் கவலை வேண்டாம். பல் சாய்ந்து நின்றால் கேளுங்கள்.

படம் காட்டுவது கிளிப் கழற்றும் அந்த ஒரு நாளை மட்டும்தான். சரியாகத் துலக்காதவர்களுக்கு, பிராக்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி அன்று வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதற்குப் பிறகு ரீட்டெய்னர் போடாவிட்டால் பற்கள் பழைய நெருக்கத்தை நோக்கித் திரும்பும். முதல் சில மாதங்களில் வேகமாக, பிறகு மெதுவாக. ஆயத்தப் படம் எதுவும் இதைக் காட்டாது, காட்டவும் முடியாது.

படத்தைக் காட்டும் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேக்கும் அளவுக்கும் முன்பே, ஃபீஸ் பேசுவதற்குச் சற்று முன்னால் காட்டும் படம் விளம்பரம்தான். யார் காட்டினாலும் எனக்கு அது பிடிக்காது. அளவெடுத்த பிறகு காட்டுங்கள் என்று நீங்களே கேட்கலாம். கேட்கும்போது, பல் எடுப்பீர்களா, இடம் எங்கிருந்து வருகிறது, பக்கவாட்டுப் படம் எங்கே, கறுப்பு முக்கோணம் வருமா, சிப்பலை அடைக்கத் தனிச் செலவு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "இது கணிப்பு" என்று எழுதித் தேதி போட்டு, அந்தப் படத்தின் பிரதி ஒன்றை உங்கள் கையிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.