முகவரி மாறும், பெயர் மாறாது

வீட்டு வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு, நேற்றுவரை திறந்த எண் இன்று திறக்காது. இரவில் மின்சாரம் போய் வந்திருக்கும். ரவுட்டர் மீண்டும் எழுந்தபோது இணைய நிறுவனம் வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்திருக்கும்.

டைனமிக் டிஎன்எஸ் இதற்குத்தான். டக்டிஎன்எஸ் என்ற இலவசச் சேவையில் ஒரு பெயரைப் பதிந்துகொண்டு, வீட்டில் எந்நேரமும் ஓடும் சிறு கணினியில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டளையை ஓடவிட்டால் போதும்:

```
curl "https://www.duckdns.org/update?domains=PEYAR&token=TOKEN&ip="
```

கடைசியில் காலியிடம் விட்டது பிழையல்ல. அழைப்பு எந்த முகவரியிலிருந்து வந்ததோ, அதையே சேவை குறித்துக்கொள்ளும். பதில் `OK` என்றால் பதிவாகிவிட்டது. `KO` என்றால் பெயரையும் டோக்கனையும் சரிபார்க்க வேண்டும்.

`OK` வந்தும் கேமரா திறக்கவில்லையா? ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால், `WAN` பகுதியில் உள்ள ஐபி எண்தான் உண்மையைச் சொல்லும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவு எண் மட்டும் எழுதிய தபால் மாதிரிதான்: வாசல்வரை வரும், எந்த வீட்டுக்கு என்று தெரியாது. அங்கே டைனமிக் டிஎன்எஸ் மட்டும் உதவாது. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்குங்கள்.